'ஹொந்தய்' என்று சொன்ன பிறகு

தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எழுத நீங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறீர்கள். உத்தியோகத்தர் கொஞ்சத் தமிழில், "வணக்கம் அம்மா, சுகமா?" என்கிறார். மரியாதைக்கு நீங்களும் தெரிந்த சிங்களத்தில் "ஹொந்தய்" என்கிறீர்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியும் என்று நினைத்து, அவர் மிச்சத்தை வேகமாகச் சிங்களத்திலேயே கேட்கத் தொடங்குவார்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். விளங்காதபோதும் நாங்கள் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்போம். சிங்களத்தில் ஆம் என்பதற்கு "ஒவ்" என்பார்கள். இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். "கேட்கிறேன்" என்ற உங்கள் ஓம், "சரி" என்ற சம்மதமாகப் பதியப்படலாம். அட்டை தொலைந்த இடமோ திகதியோ பிழையாக எழுதப்பட்டிருந்தால் பின்னர் திருத்த அலைய வேண்டும்.

"ஹொந்தய்" வாயில் வந்துவிட்டால் பரவாயில்லை. உடனே, "மட்ட சிங்கள டிகக் விதரய் புளுவன்" என்று சொல்லுங்கள். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் என்பது அதன் பொருள். பிறகு தமிழிலேயே கதையுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழியும் அதுவே. முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வையுங்கள்.