நாய் வளர்க்க வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?

குட்டி என்ன விலை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வளர்ந்தபின் எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்பதே முக்கியம். சாப்பாடும் மாத்திரைகளும் எடையைப் பார்த்துத்தான்.

கருத்தடை செய்த, 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். பாக்கெட்டில் வரும் உலர் தீவனத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி இருக்கும். ஆக, தினம் 240 கிராம், வருடத்துக்கு 88 கிலோ. கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் 22,000 ரூபாய். 30 கிலோ லாப்ரடாருக்கு எடை இரு மடங்கு என்றாலும் சாப்பாடு அப்படிக் கூடாது. தினம் 410 கிராம் போதும். அதற்கு வருடத்துக்கு 37,500 ரூபாய்.

வீட்டிலேயே சோறும் வேகவைத்த கோழியும் போட்டால் செலவு குறையும். ஆனால் அதில் கால்சியம் போதாது. எதை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

தடுப்பூசி, பலர் பயப்படும் அளவுக்குச் செலவு வைப்பதில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கான கூட்டு ஊசி 900, வெறிநாய்க்கடி ஊசி 300, வருடத்தில் மூன்று முறை டாக்டர் ஃபீஸ் 400 வீதம் என்று போட்டால் 2,400 ரூபாய். குட்டிக்கு முதல் வருடம் இது கூடும். கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் வரை மூன்று நான்கு தவணை போடவேண்டும். இடையில் நிறுத்தினால் பார்வோ வரலாம். வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டி சுருண்டுவிடும். நாள்கணக்கில் டிரிப் ஏற்றும் செலவு பல வருட ஊசிச் செலவைத் தாண்டிவிடும்.

பூச்சி மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு 500 ரூபாய்க்குள் முடியும். பலரும் கணக்கில் விடுவது உண்ணியைத்தான். நம் ஊர் வெயிலில் அது வருடம் முழுக்க இருக்கும். மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரை ஒன்று 1,600 ரூபாய் என்றால், நான்குக்கு 6,400. இதை மிச்சம் பிடிக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை ஒதுக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறியிருக்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் சரியும். சுமார் நான்கு வாரம் மருந்து, நடுவில் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை.

எல்லாம் கூட்டினால் நாட்டு நாய்க்கு ஏறக்குறைய 31,000 ரூபாய். லாப்ரடாருக்கு மாத்திரைச் செலவும் கொஞ்சம் ஏறுவதால் 48,000-ஐத் தாண்டும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். இதுபோக 10,000 ரூபாயாவது அவசரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். நடுராத்திரியில் நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டினால் விடியும்வரை காத்திருக்க முடியாது.