எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு போயிற்று?

மாதச் சந்தாவில் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் இழப்பை இரண்டு விதமாக அளக்கின்றன. காலாண்டுத் தொடக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் விலகினார்கள் என்பது 'லோகோ சர்ன்'. தொடக்கத்தில் வந்துகொண்டிருந்த மாத வருமானத்தில் நூற்றுக்கு எவ்வளவு நின்றுபோனது என்பது 'ரெவென்யூ சர்ன்'. முன்னதில் பெட்டிக்கடையும் பெரிய ஆலையும் ஆளுக்கு ஒன்று. பின்னதில் அவரவர் கட்டும் பணத்துக்கு ஏற்ற கனம்.

பில் போடும் மென்பொருள் விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் கட்டும் கடைகள் 900, மாதம் 21,000 கட்டும் ஆலைகள் 100. மொத்தம் 30 லட்சம். முதல் காலாண்டில் 60 கடைகள் விலகுகின்றன. ஆள் கணக்கில் 6 சதவீத இழப்பு. பணக் கணக்கில் 60,000 ரூபாய், அதாவது 2 சதவீதம்தான். போன இடங்களைப் புதியவர்கள் நிரப்பி, அடுத்த காலாண்டும் அதே நிலையில் தொடங்குகிறது. இம்முறை 16 கடைகளும் 4 ஆலைகளும் விலகுகின்றன. ஆள் இழப்பு 2 சதவீதமாகக் குறைகிறது. போன பணமோ ஒரு லட்சம், 3.3 சதவீதம். முதல் கணக்கை மட்டும் பார்த்தவர் நிலைமை தேறிவிட்டது என்பார்.

இதை அறிய எளிய வழி உண்டு. பண இழப்புச் சதவீதம் ஆள் இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால், சராசரியைவிடப் பெரியவர்கள் போகிறார்கள். இந்த நிறுவனத்தின் சராசரி 3,000 ரூபாய். முதல் காலாண்டில் போனவர்களின் சராசரி 1,000, அடுத்ததில் 5,000.

யாருமே விலகாமலும் பணம் குறையலாம். 200 பேருக்கு உரிமம் வாங்கிய ஆலை அதை 120 ஆக்கினால் லோகோ கணக்கில் அது பதிவாகாது.

செல்பேசித் துறையிலும் இதே விலகலைக் காணலாம். 2018இன் பிற்பகுதியில் ஏர்டெல் 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தது. அழைப்பு வாங்க மட்டும் வைத்திருந்த இரண்டாவது சிம்கள் பல கழன்றன. டிசம்பர் காலாண்டில் ஐந்து கோடிக்கு நெருக்கமான இணைப்புகள் குறைந்தன. ஆனால் ஓர் இணைப்புக்கான சராசரி மாத வருவாய் அந்தக் காலாண்டின் 104 ரூபாயிலிருந்து அடுத்ததில் 123 ஆனது.

பணக் கணக்கிலும் ஒரு மறைப்பு உண்டு. இருப்பவர்கள் கூடுதலாக வாங்கியதைக் கழித்துச் சொல்லும் 'நிகர' இழப்பு பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். இரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் வளர்ச்சி, கடைகள் கூட்டமாக வெளியேறுவதை மூடிவிடும். அந்த இரண்டில் ஒன்று போகும் நாளில்தான் அது தெரியவரும். எனவே கழிக்காத இழப்பை, கடைகளுக்கும் ஆலைகளுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.