எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும்? தொண்ணூறு நிமிட நித்திரைக் கணக்கு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களே, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். சில நாட்களில் எட்டு மணித்தியாலம் உறங்கியிருப்பீர்கள். ஆயினும் அலாரம் அடிக்கும்போது கையும் காலும் கல்லாகக் கனக்கும். அலாரத்தை யார் நிறுத்தியது என்பதுகூட நினைவில் இராது. வேறு சில நாட்களில் அதைவிடக் குறைவாகவே உறங்கியிருப்பீர்கள். ஆனால் அம்மா அடுப்பு மூட்டும் சத்தத்திலேயே கண் தெளிந்துவிடும். எவ்வளவு நேரம் உறங்கினோம் என்பதோடு, நித்திரையின் எந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டோம் என்பதும் இதற்குக் காரணமாகும்.

இரவு முழுவதும் நித்திரை ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் ஆகிய இருவரும் இதுபற்றிய முக்கியமான கண்டுபிடிப்பொன்றை வெளியிட்டனர். அசெரின்ஸ்கி தமது எட்டு வயது மகனின் கண்ணருகே மின்வாய்களை ஒட்டி, அவன் உறங்கும்போது கண்களின் அசைவைப் பதிவு செய்து பார்த்தவர். உறங்குபவரின் மூடிய கண்கள் சில வேளைகளில் அங்குமிங்கும் விரைவாக அசைவதை இப்பதிவுகள் காட்டின. அந்த வேளையில் எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலானோர் தாம் கண்ட கனவைச் சொன்னார்கள். இக்கட்டத்தைக் கனவு நித்திரை என அழைப்போம்.

நாம் முதலில் மெல்லிய நித்திரைக்குள் செல்கிறோம். பின்னர் ஆழ்நித்திரைக்கு இறங்குகிறோம். மீண்டும் மேலெழுந்து கனவு நித்திரைக்கு வருகிறோம். இதுவே ஒரு நித்திரை வட்டம் ஆகும். ஒரு வட்டத்துக்குச் சராசரியாக 90 நிமிடங்கள் செல்லும். வட்டத்தின் முடிவில் பெரும்பாலும் மிகச் சிறிய விழிப்பு ஒன்று வரும். புரண்டு படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு, அடுத்த வட்டத்தைத் தொடங்குவோம். காலையில் அது நினைவிலிருக்காது. இந்த இடத்தில் அலாரம் அடித்தால் எழும்புவது எளிது. ஆழ்நித்திரையின் நடுவில் அடித்தால் மூளை முழுமையாக விழிக்கக் கால் மணித்தியாலம் முதல் அரை மணித்தியாலம் வரை, சில வேளை அதற்கு மேலும் செல்லும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் பதினோராந்தர மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அம்மா பிரட்டுக்குப் போகுமுன் சமையலை முடிக்க வேண்டியிருப்பதால் விடியற்காலை 4.30க்கு எழும்புகிறார். லயத்துக் காம்பராவில் ஒருவர் எழும்பினால் எல்லோரும் எழும்பியதற்குச் சமன். விளக்கு எரியும், அடுப்புப் புகை வரும், பாத்திரம் உருளும். ஆகவே இந்த மாணவி எழும்பும் நேரத்தைத் தானாகத் தெரிவு செய்ய முடியாது. அது 4.30 என நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அவள் தெரிவு செய்யக்கூடியது படுக்கும் நேரத்தை மாத்திரமே. எனவே கணக்கைப் பின்னோக்கிச் செய்ய வேண்டும்.

ஐந்து வட்டங்கள் என்றால் 5 × 90 = 450 நிமிடங்கள், அதாவது ஏழரை மணித்தியாலம். 4.30இலிருந்து ஏழரை மணித்தியாலம் பின்னால் சென்றால் இரவு 9.00 மணி வரும். ஆனால் 9.00 என்பது கண் அயர வேண்டிய நேரமே தவிர, பாயில் படுக்க வேண்டிய நேரம் அன்று. படுத்தபின் உறக்கம் வரப் பொதுவாக 10 முதல் 20 நிமிடங்கள் செல்லும். நடுவாக 15 நிமிடங்களைக் கழித்தால் விளக்கை அணைக்க வேண்டிய நேரம் 8.45 ஆகும். நான்கு வட்டங்கள் எனக் கொண்டால் இது 10.15 ஆகும். ஆறு வட்டங்கள் என்றால் 7.15 ஆகும். உங்கள் வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுவதால் 7.15க்குப் படுத்தாலும் உறக்கம் வருவது கடினம். எனவே நடைமுறையில் போட்டி 8.45க்கும் 10.15க்கும் இடையில்தான்.

படுத்து எவ்வளவு நேரத்தில் உறக்கம் வருகிறது என்பதை அளக்க ஒரு பழைய உபாயம் உண்டு. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் படுப்பது. கண் அயர்ந்ததும் கரண்டி தட்டில் விழும், அந்தச் சத்தத்தில் விழித்து நேரத்தைப் பார்க்கலாம். லயத்தில் இதை இரவில் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரும் எழும்பி வந்துவிடுவார்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் செய்து பார்க்கலாம். ஆனால் பகலில் கிடைக்கும் அளவு இரவுக்கு அப்படியே பொருந்தாது என்பதை மறக்கக்கூடாது.

இக்கணக்கிலுள்ள பெரிய பலவீனத்தைக் கணித மாணவர்களாகிய நீங்கள் இதற்குள் கண்டிருக்கலாம். 90 என்பது சராசரி. உண்மையில் ஒரு வட்டம் ஏறத்தாழ 70 நிமிடங்களிலிருந்து 120 நிமிடங்கள் வரை இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் இரவுக்கு இரவு, வட்டத்துக்கு வட்டம் மாறும். நமது மாணவியின் வட்டம் 100 நிமிடங்கள் எனக் கொள்வோம். ஒரு வட்டத்தில் வழு 10 நிமிடங்கள் மட்டுமே. ஐந்து வட்டங்களில் அது 50 நிமிடங்களாகப் பெருகிவிடும். 9.00 மணிக்கு உறங்கியவளின் ஐந்தாம் வட்டம் 5.20க்கே முடியும். 4.30க்கு அலாரம் அடிக்கும்போது அவள் அவ்வட்டத்தின் சரிபாதியில் இருப்பாள்.

அப்படியானால் கணக்கு வீணா? இல்லை. வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பது இங்கே கைகொடுக்கிறது. ஆழ்நித்திரையின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றிலொரு பகுதியிலேயே முடிந்துவிடும். பின்னால் வரும் வட்டங்களில் மெல்லிய நித்திரையும் கனவு நித்திரையுமே அதிகம். எனவே நேரத்தோடு படுத்தவள் ஐந்தாம் வட்டத்தின் நடுவில் எழுப்பப்பட்டாலும் ஆழத்திலிருந்து இழுத்தெடுக்கப்படும் வாய்ப்புக் குறைவு. மாறாக, நள்ளிரவு 1.30க்கு உறங்கி, இரண்டு வட்டங்கள் முடிந்துவிட்டன என்ற நம்பிக்கையில் 4.30க்கு எழும்புபவன் ஆழ்நித்திரை மிகுந்த நேரத்திலேயே அலாரத்தைக் கேட்கிறான். பல நாள் நித்திரை பாக்கி இருந்தால் ஆழ்நித்திரை இன்னும் கூடும். அவனுடைய கணக்கில் சிறு வழு இருந்தாலும் தண்டனை பெரிது.

மாணவர்கள் பலர் தவறு விடும் இடமும் இதுவே. “நாலரை மணித்தியாலம் என்றால் மூன்று வட்டம், அது போதும்” என்று சொல்லி நள்ளிரவு வரை கடந்தகால வினாத்தாள் செய்கிறார்கள். வட்டத்தின் முடிவில் எழும்பினால் விழிப்பு இலகுவாகும். அதனால் குறைந்த நித்திரை நிறைந்துவிடாது. 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. அந்த அளவில் பார்த்தால் நமது மாணவியின் ஏழரை மணித்தியாலமே சற்றுக் குறைவுதான். எனவே இரண்டு நேரங்களுக்கிடையில் தடுமாறினால் முந்திய நேரத்தையே எடுக்க வேண்டும். 9.30 ஆகிவிட்டது, அடுத்த வட்டத்துக்கு ஏற்ப 10.15 வரை விழித்திருப்போம் என்று காத்திருப்பது இக்கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துவதாகும். உடனே படுத்துவிட வேண்டும். விடுபட்ட நேரத்தைப் பாடசாலை விட்டு வந்தபின் 20 நிமிடக் குட்டித் தூக்கத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம். அதை 45 நிமிடங்கள் வரை நீட்டினால் ஆழ்நித்திரைக்குள் போய்த் தலைப்பாரத்தோடு எழும்புவீர்கள். பொழுது சாய்ந்தபின் தூங்கினால் இரவு உறக்கம் பிந்தும்.

உங்கள் சொந்த வட்டத்துக்குக் கிட்டிய நேரத்தைக் கண்டறிய ஒரு பயிற்சிக் கொப்பி போதும். இரண்டு கிழமைகளுக்கு, விளக்கை அணைத்த நேரம், எழும்பிய நேரம், எழும்பிய விதம் ஆகிய மூன்றையும் காலையிலேயே எழுதுங்கள். கனவு நினைவிருக்க, கண் சட்டெனத் திறந்தால் வட்டத்தின் முடிவுக்கு அருகில் எழும்பியிருக்கிறீர்கள் என ஊகிக்கலாம். அலாரத்தை நிறுத்தியது தெரியாமல் மறுபடி உறங்கியிருந்தாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருந்தாலோ ஆழத்திலிருந்து எழும்பியிருக்கிறீர்கள். மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து இப்படி நேர்ந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடங்கள் முன்னால் நகர்த்திப் பாருங்கள். ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டாம். தினமும் வெவ்வேறு நேரத்தில் படுப்பவருக்கு இந்தக் கொப்பி எதையும் காட்டாது. அவருடைய பதிவில் ஒழுங்கு எதுவும் தெரியாது. அலாரம் இல்லாமலும் கண் திறக்கிறது, வகுப்பில் கண் சொக்கவில்லை என்றால் நேரம் பொருந்திவிட்டது. நன்றாக எழும்பியும் காலை பஸ்ஸில் ஏறிய பத்து நிமிடங்களில் உறங்கிவிடுகிறீர்கள் என்றால் வட்டத்தில் குறையில்லை, மொத்த நேரத்தில்தான் குறை.

தேயிலை நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு விடயமும் முக்கியம். குளிருக்கு இதமாக மாலை 7.00 மணிக்குக் குடிக்கும் சாயத் தேநீரில் கஃபீன் உண்டு. உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். 8.45க்கு விளக்கை அணைத்தாலும் 9.00க்குக் கண் அயராது. கணக்கில் போட்ட 15 நிமிடங்கள் 40 ஆகலாம். அப்போது நீங்கள் நினைத்த வட்டங்கள் எல்லாம் 25 நிமிடங்கள் தள்ளிப்போகும். கடைசித் தேநீரைப் பாடசாலை விட்டு வந்தவுடன் குடித்து முடிப்பது நல்லது. இரவில் சூடாக ஏதும் வேண்டுமானால் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கலாம்.

பரீட்சைக் காலத்துக்கான கணக்கு சற்று வேறு. காலை வினாத்தாள் 8.30க்கு ஆரம்பமாகிறது என வைத்துக்கொள்வோம். பரீட்சை நிலையம் பதுளை நகரில் இருந்து, தோட்டத்துச் சந்தியில் 6.15க்குப் பஸ் பிடிக்க வேண்டுமானால் 5.00 மணிக்கு எழும்பினால் போதும். பின்னோக்கிக் கணித்தால் 9.30க்கு உறக்கம், 9.15க்கு விளக்கணைப்பு. ஆனால் நமது மாணவியின் வீட்டில் 4.30க்கே விளக்கு எரியுமே! எனவே 5.00 மணிக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. அவள் 8.45ஐயே கைக்கொள்ள வேண்டும். இதுவரை 10.30க்குப் படுத்துப் பழகியவள் பரீட்சைக்கு முந்தின இரவில் திடீரென 8.45க்குப் படுத்தால் இருட்டைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பாள். 10.30க்கும் 8.45க்கும் உள்ள இடைவெளி 105 நிமிடங்கள். நாளுக்கு 15 நிமிடங்களாக முன்னால் நகர்த்தினால் ஏழு நாட்கள் தேவை. முதலாவது வினாத்தாள் திங்கட்கிழமை என்றால் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரவு 8.45க்குப் படுக்க வேண்டும். எனவே அதற்கு முந்திய திங்கட்கிழமை இரவே 10.15க்கு விளக்கை அணைத்து அவள் இதைத் தொடங்க வேண்டும்.