ஏழாவது கோடானில் ஓர் எழுத்து

அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோயின் வேர், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைத் தரும் மரபணுவில் மாறிவிட்ட ஒரே ஓர் எழுத்து. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் வரும் கோடான் அட்டவணை கையில் இருந்தால், தாளில் போட்டே இதைப் பார்த்துவிடலாம்.

அந்த மரபணுவின் அச்சு இழை, அதாவது செல் பார்த்துப் படியெடுக்கும் இழை, இப்படித் தொடங்குகிறது:

```
DNA   3'-TAC CAC GTA GAC TGA GGA CTC-5'
mRNA  5'-AUG GUG CAU CUG ACU CCU GAG-3'
```

கீழ்வரிதான் எம்.ஆர்.என்.ஏ. மேலே A இருந்தால் கீழே U, T-க்கு A, G-க்கு C, C-க்கு G. டி.என்.ஏ.வில் உள்ள T ஆர்.என்.ஏ.வில் வராது; அதன் இடத்தில் U வரும். AUG-க்கு முன்னால் உண்மையான எம்.ஆர்.என்.ஏ.வில் இன்னும் ஐம்பது எழுத்துகள் உண்டு. அவை புரதமாக மாறுவதில்லை என்பதால் பாடக்கணக்கு அவற்றை விட்டுவிடும்.

அடுத்து அட்டவணை. GAG-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து G-க்கு இடப்பக்க வரிசை, இரண்டாவது A-க்கு மேலே உள்ள பத்தி, மூன்றாவது G-க்கு வலப்பக்கம். மூன்றும் சேரும் கட்டத்தில் இருப்பது குளூட்டமிக் அமிலம். இப்படியே ஏழையும் பார்த்தால் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம் என்று வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான். படியெடுக்காமல், மேல்வரியில் T-ஐ மட்டும் U ஆக்கிவிட்டு அட்டவணைக்குப் போய்விடுவார்கள். அப்போது ஐந்தாவது கோடான் UGA ஆகிவிடும். அது நிறுத்தக் கோடான். 146 அமினோ அமிலம் வர வேண்டிய சங்கிலி நான்கோடு நின்றுவிடும். தொடக்கத்தில் AUG இல்லாததே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது கடைசி CTC-யில் நடு எழுத்தை மாற்றி CAC என்று எழுதுங்கள். எம்.ஆர்.என்.ஏ.வில் GAG இருந்த இடத்தில் GUG வரும். அட்டவணையில் அது வாலின். குளூட்டமிக் அமிலம் மின்னூட்டம் உள்ளது, நீரோடு ஒட்டும். வாலின் நீரை ஒதுக்கும். அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. இந்த அமினோ அமில மாற்றத்தை 1950-களில் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர் வெர்னன் இங்கிராம். இந்தியாவில் இந்த மரபுக்கூறு இருப்பது முதலில் தெரியவந்தது நம் நீலகிரி பழங்குடி மக்களிடம், 1952-இல்.

நம் கணக்கில் இது ஏழாவது கோடான். மருத்துவ நூல்கள் ஆறாவது அமினோ அமிலம் என்கின்றன. இரண்டும் சரிதான், முதலில் வரும் மெத்தியோனினைச் செல் பிறகு வெட்டி எடுத்துவிடுகிறது.

அதே CTC-யில் கடைசி எழுத்து மாறி CTT ஆனால்? எம்.ஆர்.என்.ஏ. GAA. அட்டவணையில் தேடினால் அதுவும் குளூட்டமிக் அமிலம்தான். புரதத்தில் எந்த மாற்றமும் இருக்காது.