அறுபத்து நான்கு பக்கம், ஒரு தாள்

அந்தத் தம்பி எங்கள் தோட்டத்தில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காய்ச்சல். அறையில் உடன் தங்கியிருந்தவரிடம் “மண்டோர்கிட்ட சொல்லிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, பஹாவ் டவுனில் தெரிந்த ஒரு கிளினிக்குக்குப் போய் மூன்று நாளைக்கு எம்.சி. வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை பெரட்டு முடிந்ததும் அதை என் மேசையில் வைத்தார். மூன்று நாள் சம்பளம் போயிற்று. கூடவே விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

“எம்.சி. இருக்கே அண்ணே, அப்புறம் ஏன்?” என்று கேட்டார்.

பதில் எங்கள் பணியாளர் கையேட்டின் 37ஆம் பக்கத்தில் இருந்தது. அறுபத்து நான்கு பக்கக் கையேடு அது. ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும். சேரும் நாளில் கொடுத்து, “படித்துப் புரிந்துகொண்டேன்” என்று கையெழுத்து வாங்குவோம். இருபது ஆண்டுகளாக அந்தக் கையெழுத்தை வாங்கிய கிராணி நான்தான். அவர்களில் எத்தனை பேர் 37ஆம் பக்கம் வரை போயிருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

நிர்வாகியிடம் பேசி, கையேட்டை ஒரு பக்கத் தமிழ்த் தாளாகச் சுருக்க அனுமதி வாங்கினேன். முதல் முயற்சி வெட்கப்படும்படி இருந்தது. விடுப்பு, ஒழுங்கு, சலுகை என மூன்று தலைப்பு போட்டு எண்களை அடுக்கினேன். ஆண்டு விடுப்பு 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள், மருத்துவமனை 60 நாள். அதைப் படித்த ஒருவர், “அப்ப மொத்தம் எழுபத்து நாலு நாள் சிக் லீவ் எடுக்கலாம்” என்றார். எண்கள் சரிதான், ஆனால் அந்த 60 நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய நிலையில் மட்டுமே கிடைக்கும் என்ற நிபந்தனையை இடத்துக்காக நான் வெட்டிவிட்டேன்.

சுருக்குகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு இதுதான். உரிமையை வைத்துக்கொண்டு அதன் வாலை வெட்டிவிடுகிறோம். தம்பியைக் கவிழ்த்ததும் அந்த வால்தான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவ விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் எம்.சி. இருந்தாலும் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவார். சான்றிதழும் முதலாளி நியமித்த மருத்துவரிடமிருந்து வர வேண்டும். அவர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காதபோதுதான் வேறு மருத்துவரோ அரசு மருத்துவமனையோ. அறைத் தோழர் சொல்ல மறந்தார், அலுவலகத்துக்கு எதுவும் வரவில்லை, சனிக்கிழமை காலையோடு 48 மணி நேரம் முடிந்தது.

இரண்டாம் முறை தலைப்புகளைத் தூக்கிவிட்டு, நடக்கிற சம்பவங்களை வைத்து எழுதினேன். “இன்று வேலைக்கு வர முடியவில்லையா? உடனே அலுவலகத்துக்கு, நீங்களே, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள். அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். கீழே உள்ள இரண்டு கிளினிக்கில் ஒன்றுக்குப் போங்கள்.” அதன் கீழே அலுவலக எண், கிளினிக்குகளின் பெயர்கள். முதலில் “பேனல் கிளினிக்” என்று மட்டும் எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இருவரிடம் தாளைக் கொடுத்து, “நாளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டபோது, இருவருமே பேனல் என்றால் என்னவென்று என்னைக் கேட்டார்கள். இந்தச் சோதனை இல்லாமல் எந்தத் தாளையும் அச்சடிக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

எழுத எழுத, கையேட்டிலேயே ஓட்டைகள் தெரிந்தன. அது கோலாலம்பூர் தலைமையகத்தில் தயாரானது. கட்டாயப் பொது விடுமுறைகளில் பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் வேலை செய்வது நெகிரி செம்பிலானில். சட்டம் பார்ப்பது வேலை செய்யும் மாநிலத்தை. எங்களுக்குக் கட்டாய விடுமுறை யாங் டி பெர்துவான் பெசாரின் பிறந்தநாளான ஜனவரி 14. (பொங்கலை ஒட்டி வருவதால் அதைப் பொங்கல் லீவு என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள்!) மகப்பேறு விடுப்பு 60 நாள் என்று பழைய கணக்கே இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள்.

பழைய வரியைப் பார்த்து நான் சுருக்கியிருந்தால், ஒரு தாயின் 38 நாளை என் பேனாவே பறித்திருக்கும். சட்டத்தைவிடக் குறைவாகக் கையேடு கொடுத்தால் அந்த வரி செல்லாது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலே நிற்கும். சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் பொருந்துகிறவர்களுக்கு அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மூன்றையும் திறந்துவைத்தேன், எது மேலோ அதை எழுதினேன்.

மனைவியின் பிரசவத்துக்குக் கணவருக்கு 7 நாள் என்ற வரிக்கும் வால் உண்டு. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். புதியவர்களுக்கான தாளில் இதைச் சொல்லாமல் விட்டால், முதல் ஆண்டிலேயே ஒருவர் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நிற்பார். ஆண்டு விடுப்புக்கு ஒரு கணக்கை மட்டும் வைத்தேன், ஏனென்றால் சிங்கப்பூர் வேலை கிடைத்து இடையிலேயே போகிறவர்கள் நம்மிடம் அதிகம். ஏழு மாதத்தில் விலகினால், 8ஐ 7ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க 4.67 வரும். அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாள், ஆகவே 5.

ஒழுங்குப் பகுதிதான் சிரமம். நாற்பதுக்கு மேற்பட்ட குற்றங்கள் நான்கு பக்கத்துக்கு இருந்தன. திருடாதே, அடிக்காதே என்பதைப் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது வேறு. அனுமதியும் நியாயமான காரணமும் இல்லாமல், தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளலாம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பயந்து பதில் எழுதாமல் இருப்பதுதான் பெரிய தவறு. குறித்த தேதிக்குள் எழுத வேண்டும். ஒழுங்கு மீறல் என்று வேலையை விட்டு நீக்குவதற்கு முன் விசாரணை நடக்க வேண்டும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைத்தால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத்துறையில் முறையிட வேண்டும். கடைசி வரியைத் தலைமையகம் எடுக்கச் சொன்னது, “வேலைக்குச் சேர்ற அன்னிக்கே நீக்குறதைப் பத்தியா?” என்று. நான் விடவில்லை. அறுபத்தோராவது நாளில் வந்து நிற்கிறவரை நான் பார்த்திருக்கிறேன்.

சலுகைகளில் இபிஎப் பிடித்தம் சம்பளச் சீட்டிலேயே தெரியும், ஒரு வரி போதும். சொக்சோவுக்கு மூன்று வரி கொடுத்தேன். விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு வருகிறவர்கள் நாங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்தாலும் காப்புறுதி உண்டு, ஆனால் சொந்த வேலையாக வழி மாறிப் போயிருந்தால் சிக்கல். போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். இதை விபத்துக்குப் பிறகு தேடிப் படிக்க யாராலும் முடியாது.

தாளின் அடியில் ஒவ்வொரு வரிக்கும் கையேட்டுப் பக்க எண் இருக்கிறது, அச்சடித்த மாதமும் இருக்கிறது. தம்பிக்குக் கடிதம் அத்தோடு முடிந்தது, சம்பளம் திரும்பவில்லை. தாளின் முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், போட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டுக்கு நிறுவனம் தேர்ந்தெடுக்கும் மற்ற ஆறு பொது விடுமுறைகளின் அறிவிப்பை நாங்கள் ஒட்ட வேண்டும். அன்றைக்கே இந்தத் தாளையும் வரி வரியாகச் சரிபார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.