உச்சியிலிருந்து எவ்வளவு கீழே?

அத்தை இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளின் ஃபேக்ட்ஷீட்டை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு தாளிலும் வருமானம் என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. எதுல போடட்டும்ப்பா?" என்றார். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம்.

அதே தாளின் கீழ்ப்பகுதியில் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்று ஒரு வரி இருக்கும். பள்ளிக் கணக்கில் திட்டவிலக்கம் என்று படித்ததுதான். ஒரு ஃபண்டின் வருமானம் தன் சராசரியைவிட்டு வழக்கமாக எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதை அது சொல்கிறது. சராசரி 12 சதவீதம், திட்டவிலக்கம் 15 என்றால், மூன்றில் இரண்டு வருடங்கள் மைனஸ் 3 முதல் பிளஸ் 27 வரை எங்கேயும் இருக்கலாம் என்று தோராயமாகக் கொள்ளலாம். ஏற்ற இறக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது இந்த எண்தான். ஒரே வகை ஃபண்டுகள் இரண்டு ஒரே வருமானம் தந்திருந்தால், இந்த எண் குறைவாக உள்ளதை எடுப்பது நியாயம்.

அத்தையின் இரண்டு தாளிலும் இந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போதுதான் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஆறு வருடம். அதில் மூன்று வருடம் 20 சதவீதம் லாபம், மூன்று வருடம் 10 சதவீதம் நஷ்டம். முதல் ஃபண்டில் லாபமும் நஷ்டமும் மாறி மாறி வருகின்றன. ஒரு லட்சம் ரூபாய் 1,20,000 ஆகி, 1,08,000க்கு இறங்கி, 1,29,600க்கு ஏறி, இப்படியே போய் 1,25,971இல் நிற்கிறது. இரண்டாவதில் முதல் வருடம் லாபம், அடுத்த மூன்று வருடமும் நஷ்டம், கடைசி இரண்டு வருடம் லாபம். ஒரு லட்சம் 1,20,000 ஆகி, 1,08,000, 97,200, 87,480 என்று இறங்கிக்கொண்டே போய், பிறகு ஏறி அதே 1,25,971இல் முடிகிறது. சராசரி இரண்டுக்கும் 5, திட்டவிலக்கம் இரண்டுக்கும் 15. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பது திட்டவிலக்கத்துக்குத் தெரியாது. பணம் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது 'மேக்ஸிமம் டிராடவுன்', அதாவது அதிகபட்சச் சரிவு. அதுவரை தொட்ட உச்சத்திலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு இறங்கியது என்ற சதவீதம். முதல் ஃபண்டில் அது 10. இரண்டாவதில் 1,20,000இலிருந்து 87,480. அதாவது 27 சதவீதம். 27 சதவீதம் இறங்கியதை ஈடுகட்ட 27 சதவீத ஏற்றம் போதாது. 37 சதவீதம் ஏற வேண்டும்.

சரிவை வருடக் கணக்கில் தேடினால் கண்ணில் படாமலே போகும். நிஃப்டி 50 குறியீடு 2020இல் ஏறத்தாழ 15 சதவீத லாபத்தோடுதான் வருடத்தை முடித்தது. ஆனால் ஜனவரி 14 அன்று 12,362இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. 38 சதவீதச் சரிவு. ஆகவே தினசரி என்.ஏ.வி.யை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபேக்ட்ஷீட்களில் திட்டவிலக்கத்தைப் பெரும்பாலும் கடைசி மூன்று வருட மாதாந்திர வருமானத்தை வைத்தே போடுகிறார்கள். 2023 நடுவில் வந்த தாளில் அந்த மார்ச் மாதம் இருந்திருக்காது. எண் சாதுவாகத் தெரிந்திருக்கும்.

சரிவை நாமே கணக்கிடலாம். ஆம்ஃபி இணையதளத்தில் பழைய என்.ஏ.வி. கிடைக்கிறது. குரோத் ஆப்ஷனையே எடுக்க வேண்டும்; டிவிடெண்ட் கொடுக்கும் ஆப்ஷனில் பணம் பிரித்துக் கொடுத்த நாளில் என்.ஏ.வி. இறங்குவதும் சரிவு போலவே தெரியும். இரண்டு ஃபண்டுக்கும் ஒரே தொடக்கத் தேதி இருக்க வேண்டும், அதற்குள் ஒரு பெரிய வீழ்ச்சியாவது அடங்க வேண்டும். எக்செலில் தேதியை A, என்.ஏ.வி.யை B பத்தியில் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தி, இரண்டாம் வரியில் C, D பத்திகளில் முதல் இரண்டு சூத்திரங்களையும் இட்டுக் கடைசிவரை இழுத்தால் போதும். மூன்றாவதை வேறொரு காலிக் கட்டத்தில் இடலாம்.

```
C2: =MAX(B$2:B2)
D2: =B2/C2-1
F2: =MIN(D:D)
```

C அதுவரையான உச்சம், D அன்றைய சரிவு, F2இல் வருவது அதிகபட்சச் சரிவு. கடந்த காலத்தில் இவ்வளவுதான் இறங்கியது என்பதால் இனி அதற்குமேல் இறங்காது என்று அர்த்தமில்லை.

அத்தையின் இரண்டு ஃபண்டுக்கும் போட்டுப் பார்த்தோம். ஒன்று 2020இல் 31 சதவீதம் இறங்கியிருந்தது, மற்றது 42. அத்தை D பத்தியை விரலால் தடவிக்கொண்டே வந்து, "திரும்பப் பழைய உச்சிக்கு வர எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அதுவும் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. D மறுபடி பூஜ்யம் ஆகும் தேதி. 2020 வீழ்ச்சியில் நிஃப்டி நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 2008 ஜனவரியில் தொட்ட உச்சத்தைத் தாண்ட சென்செக்ஸுக்கு 2010 நவம்பர்வரை ஆனது.

"கல்யாணம் எப்போ அத்தை?"

"அடுத்த வருஷம் தை."

இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டவர், வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு இப்போது என்ன வட்டி என்று விசாரிக்கத் தொடங்கினார்.