மெமோவில் தேதி இருக்கிறதா?

"நீங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள். இனியும் தொடர்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." பல நிறுவனங்களில் எச்சரிக்கைக் கடிதம் என்ற பெயரில் தரப்படுவது இந்த இரண்டு வரிதான். எத்தனை நாள், எத்தனை மணிக்கு, காரணம் கேட்டார்களா என்று எதுவும் அதில் இருக்காது. நாளை விவகாரம் பெரிதாகி உள்விசாரணைக்கோ வழக்குக்கோ போனால், அந்தத் தாளை வைத்து யாராலும் எதையும் நிறுவ முடியாது.

ஒரு பம்ப் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் 8.30-க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் சலுகை நேரம். ஒரு மெஷின் ஆபரேட்டர் ஜூலை மாதம் 4, 8, 10, 11, 15, 18, 22, 29 ஆகிய எட்டு நாட்கள் 8.40-க்குப் பிறகுதான் கைரேகை வைத்திருக்கிறார். ஜூன் மாதமே சூப்பர்வைசர் அவரை அழைத்து வாய்மொழியாகச் சொல்லி, தேதியுடன் பதிவேட்டில் குறித்தும் வைத்திருக்கிறார்.

உடனே எச்சரிக்கைக் கடிதம் அடிப்பது தவறு. முதலில், பதிவு சரியா என்று பார்க்க வேண்டும். கைரேகை மெஷினின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினாலே, 8.38-க்கு வந்தவர் 8.43-க்கு வந்ததாகப் பதிவாகும். கேட்டில் ஒரே மெஷின் இருந்து வரிசை நீண்டாலும் அப்படித்தான். இன்னொன்று, அதே மாதம் அவரைப் போலவே தாமதித்த மற்றவர்களுக்கு என்ன செய்தார்கள்? அவர்களை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் கடிதம் போனால், பழிவாங்கல் என்ற புகாருக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

அடுத்தது விளக்கம் கேட்கும் மெமோ. எட்டுத் தேதிகளையும் வந்த நேரத்தையும் வரிசையாக எழுதி, மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரும்படி கேட்கலாம். நம் ஆபரேட்டர் இப்படிப் பதில் எழுதுகிறார்: "10, 11 தேதிகளில் கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டது. மற்ற நாட்களில் மகனைப் பள்ளியில் விட்டு வந்தேன்." போக்குவரத்துப் பதிவேட்டைப் பார்த்தால் பஸ் பழுதானது உண்மை. அந்த இரண்டு நாட்களையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மீதி ஆறு.

இப்போதுதான் எச்சரிக்கைக் கடிதம். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஜூலை 4 (8.52), 8 (8.47), 15 (9.05), 18 (8.49), 22 (8.58), 29 (9.10) ஆகிய ஆறு நாட்கள் தாங்கள் தாமதமாக வந்துள்ளீர்கள். 10, 11 தேதிகளுக்கான தங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது. மற்ற நாட்களுக்கான காரணத்தைப் பரிசீலித்தோம். முன்அனுமதி பெறாததால் அதை ஏற்க இயலவில்லை. இனி 8.30-க்குள் பணிக்கு வர வேண்டும். காலையில் தவிர்க்க முடியாத வேலை இருந்தால் முதல் நாளே பெர்மிஷன் கேட்கவும். அடுத்த மூன்று மாத வருகை கவனிக்கப்படும். தாமதம் தொடர்ந்தால் நிலையாணைப்படி ஒழுங்கு நடவடிக்கை தொடங்கப்படும்."

இதில் "பொறுப்பற்றவர்" போன்ற வசவு இல்லை. வேறு பழைய மனத்தாங்கல் எதுவும் சேர்க்கப்படவில்லை. "வேலையை விட்டு நீக்குவோம்" என்ற மிரட்டலும் இல்லை. விசாரணைக்கு முன்பே தண்டனையை முடிவு செய்துவிட்டார்கள் என்று அந்தச் சொல் காட்டிவிடும்.

1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள், தாமதமாக வருவதை வழக்கமாக்கிக்கொள்வதைத்தான் ஒழுங்கீனங்களின் பட்டியலில் வைத்தன. எப்போதோ ஒருநாள் தாமதித்தவர் அதில் வரமாட்டார். தண்டனை தரும்போது ஊழியரின் முந்தைய பதிவையும் பார்க்க வேண்டும் என்றும் அவை கூறின. அந்தப் பழைய பதிவை ஊழியருக்குத் தெரியாமல் பயன்படுத்தவும் கூடாது. அதைத் தண்டனைக்குக் காரணமாக்குவதானால் முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும் என்று மைசூர் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கடிதம் ஊழியரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் சான்று வேண்டும்.

அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதி, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குவது வழக்கம். வாங்க மறுத்தால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதைக் குறித்துவிட்டு, வீட்டு முகவரிக்கு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்பலாம்.

ஊழியர் பக்கமும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்திடுவது கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டுமே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. சந்தேகம் இருந்தால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பிறகு தன் பதிலை எழுதிக் கொடுத்து, அதையும் கோப்பில் சேர்க்கச் சொல்லி, நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.